அறுபது வீட்டுக்கும் ஒரே அனுமதி: நம் அடுக்குமாடி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்



கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நம் மூன்று படிக்கட்டுகளிலும் உள்ள 60 வீடுகளுக்கு ஃபைபர் இணைப்பு வருவதற்காகப் பொது இடங்களில் கேபிள் இழுக்க, குழு எழுத்துபூர்வமாக அனுமதி தர வேண்டும். அந்த அனுமதியை வீடு வீடாகத் தர வேண்டாம். கட்டடம் முழுவதற்கும் ஒரே தடவையாக, தெளிவான நிபந்தனைகளோடு தாருங்கள். நிபந்தனைகள் என்னவாக இருக்கலாம் என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

இதன் மலாய்ப் படியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். அலுவலக மலாய் ஓடாத பெரியவர்கள் நம் கட்டடத்தில் பலர் இருப்பதால் தமிழ்ப் படி அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. ஓய்வு பெறும்வரை தொலைபேசிக் கேபிள் வேலையில் இருந்தவன் நான். தெரிந்ததைச் சொல்லும் பொறுப்பு எனக்கு உண்டு என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். எந்த நிறுவனத்துக்கும் நான் ஏஜெண்ட் இல்லை.

நம் நாட்டில் வீடுகளுக்கான ஃபைபர் சேவையை யூனிஃபை என்ற பெயரில் டெலிகோம் மலேசியா 2010 மார்ச்சில் தொடங்கியது. சுற்றியுள்ள தாமான்களில் தரை வீட்டுக்காரர்கள் அதை வாங்கிப் பல வருடம் ஆகிவிட்டது. நாம் மட்டும் ஏன் பின்தங்கினோம்? தரை வீட்டுக்குத் தெருக்கம்பத்திலிருந்து ஒரு மெல்லிய கேபிள் நேராக வாசலுக்கு வருகிறது. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டால் காலையில் வந்து மதியத்துக்குள் முடித்துவிட்டுப் போவார்கள். நமக்கோ தெருக்கம்பத்துக்கும் வாசலுக்கும் நடுவில் தொலைபேசி அறை, சுவர், படிக்கட்டு, நடைபாதை எல்லாம் இருக்கின்றன. அவை அத்தனையும் பொதுச் சொத்து. 2015 ஜூனில் நடைமுறைக்கு வந்த 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டம், அதாவது சட்டம் 757, பொதுச் சொத்தைப் பராமரித்து நிர்வகிக்கும் பொறுப்பைக் கூட்டு நிர்வாக மன்றத்திடம் கொடுத்திருக்கிறது. ஆகவே நான்காம் மாடிக்காரர் எத்தனை விண்ணப்பம் போட்டாலும் கடைசியில் வேண்டியது உங்கள் கையெழுத்துதான்.

வீட்டுக்கு வீடு அனுமதி கொடுத்தால் என்ன ஆகும் என்பதைப் பழைய அடுக்குமாடிகள் பலவற்றின் முன்சுவரில் பார்க்கலாம். ஒரு வீட்டுக்கு ஒரு குத்தகையாளர் வந்து, குறுக்கு வழி தேடி வெளிச்சுவரில் கேபிளைத் தொங்கவிட்டு, ஜன்னல் ஓரமாக ஒரு துளை போட்டுவிட்டுப் போவார். அடுத்த மாதம் வேறொரு நிறுவனத்தின் ஆள் வந்து இன்னொரு துளை போடுவார். வெளியிலிருந்து உள்ளே சாய்வாகப் போட்ட துளை என்றால் மழைநீர் கேபிளோடு சேர்ந்து வீட்டுக்குள் இறங்கும். நம் காம்பாரில் மாலை மழைக்குப் பஞ்சமில்லை. ஈரம் பிடித்த சுவருக்கு யார் பொறுப்பு என்று பிறகு நாம்தான் வாதாடிக்கொண்டிருப்போம். குழு தயங்குவதற்கு இதுதான் காரணம் என்றால் அந்தத் தயக்கம் நியாயமானது. ஆனால் அனுமதி மறுப்பதால் பிரச்சினை தீராது. அவசரப்படுபவர்கள் கேட்காமலேயே தொங்கவிடுவார்கள்.

இனி, கட்டடத்துக்கே ஒரு தடவையாகச் செய்தால் வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

நம் கட்டடத்தில் மூன்று படிக்கட்டுகள், ஒவ்வொன்றிலும் ஐந்து தளங்கள், ஒவ்வொரு தளத்திலும் நான்கு வீடுகள். ஆக ஒரு படிக்கட்டுக்கு 20 வீடு. தெருவிலிருந்து வரும் முதன்மைக் கேபிள் கீழே உள்ள தொலைபேசி அறைக்குள் நுழையும். அங்கிருந்து ஒவ்வொரு படிக்கட்டின் அடித்தளத்துக்கும் இரண்டு இழைகள் போகும். ஒன்று வேலைக்கு, மற்றது பழுது வந்தால் மாற்றிக்கொள்ள. படிக்கட்டின் அடியில் ஒரு சிறிய பூட்டுப் பெட்டி. அதற்குள் ஒளியை 32 ஆகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் இருக்கும். 20 வீடு போக 12 வழி மிச்சம். அந்தப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இழை மேலே ஏறும்.

அப்படி ஏறும் கேபிள் சுமார் 2 மில்லிமீட்டருக்கு 3 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு தட்டைக் கயிறு. 20 கேபிளையும் அடுக்கினால்கூட 50க்கு 25 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் டிரங்கிங்கில் பத்தில் ஒரு பங்கு இடத்தைத்தான் பிடிக்கும். பிற்காலத்தில் இன்னொரு நிறுவனம் வந்தாலும் அதே டிரங்கிங்கில் இழுத்துக்கொள்ளலாம். இதற்காகத் தளத்துக்குத் தளம் ஒரே ஒரு துளை போதும். ஒரு படிக்கட்டுக்கு நான்கு, மொத்தக் கட்டடத்துக்கு 12. பழைய தொலைபேசிக் கேபிள் ஏறும் திறப்பில் இடமிருந்தால் அந்தப் பன்னிரண்டும்கூடத் தேவைப்படாது. ஆகவே முதலில் அந்தத் திறப்பைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். புதிய துளை போட்டே ஆக வேண்டும் என்றால், உள்ளே கம்பி எங்கே ஓடுகிறது என்று கருவி வைத்துப் பார்த்த பிறகுதான் துளையிட வேண்டும். கான்கிரீட் தளத்தின் கம்பியை வெட்டிவிட்டால் அதைச் சரிசெய்வது சுலபமில்லை.

படிக்கட்டு என்பது தீ விபத்தின்போது நாம் எல்லாரும் இறங்கி ஓடும் வழி. ஒரு தளத்தில் போட்ட துளையை அடைக்காமல் விட்டால் கீழே எழும் புகை அதன் வழியே மேலே ஏறும். எனவே ஒவ்வொரு துளையையும் கேபிள் இழுத்த அன்றே தீத்தடுப்புப் பசையால் அடைக்க வேண்டும். படிக்கட்டில் ஓடும் கேபிளின் மேலுறை, எரிந்தால் புகையும் நச்சு வாயுவும் குறைவாக வரும் வகையாக இருக்க வேண்டும். சாதாரண பிவிசி உறையை ஏற்றுக்கொள்ளாதீர்கள். கேபிளின் மேல் அச்சடித்திருக்கும் எழுத்தைப் பார்த்தாலே எந்த வகை என்று தெரிந்துவிடும். வேலை ஆரம்பிக்கும் முன் ஒரு சாண் துண்டை அலுவலகத்தில் கொடுக்கச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.

சென்ற கூட்டத்தில் இரண்டாம் மாடி ஐயா ஒருவர், "இடி விழுந்தால் கட்டடமே கருகிவிடாதா?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். இந்த நாட்டில் இடி மின்னல் அதிகம். முன்பு மின்னல் வெட்டினால் தொலைபேசிக் கம்பி வழியாக மோடம் எரிந்துபோன வீடுகள் நம்மிலேயே உண்டு. அது செம்புக் கம்பி. மின்சாரம் அதில் ஓடும். ஃபைபர் என்பது முடியளவு மெல்லிய கண்ணாடி. அதில் போவது ஒளி மட்டுமே, மின்னலுக்கு அதில் வழியில்லை. ஆனால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சில கேபிள்களில் இழுவைக்காக உள்ளே ஓர் எஃகுக் கம்பி வைத்திருப்பார்கள். தெருக்கம்பத்திலிருந்து வருவது அந்த வகை என்றால், கட்டடத்துக்குள் நுழையும் முன் அந்த எஃகை வெட்டி வெளியிலேயே நிறுத்த வேண்டும். உள்ளே ஓடுவது உலோகம் கலக்காத வகையாக இருக்க வேண்டும்.

பொதுமின்சாரச் செலவு கூடுமா என்று பொருளாளர் கேட்பார். கூடாது. படிக்கட்டுப் பெட்டியில் இருக்கும் ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே வேண்டாம். ஒளியைக் கண்ணாடிதான் பிரிக்கிறது. மோடத்துக்கான மின்சாரம் அவரவர் வீட்டு மீட்டரில் ஓடும். இதிலிருந்து ஒரு சோதனையும் கிடைக்கிறது. வரும் நிறுவனம் படிக்கட்டில் அல்லது தொலைபேசி அறையில் ஒரு பிளக் பாயிண்ட் கேட்டால், அவர்கள் வீடு வரைக்கும் ஃபைபர் கொண்டுவரவில்லை என்று சந்தேகிக்கலாம். கீழே ஒரு பெட்டி வரை ஃபைபரைக் கொண்டுவந்து, அங்கிருந்து பழைய செம்புக் கம்பியிலேயே மேலே அனுப்பும் முறை ஒன்று உண்டு. அனுமதியை முன்பே பெற்ற உயரமான கட்டடங்கள் பலவற்றில் அப்படித்தான் செய்தார்கள். அந்த முறையில் வேகம் செம்பின் வயதையும் நீளத்தையும் பொறுத்தது. நாம் படிக்கட்டைத் திறந்து கொடுப்பது அதற்காக அல்ல.

அடுத்து, வேலை சரியாக முடிந்ததா என்று குழு எப்படித் தெரிந்துகொள்வது? சுவர் அழகாக இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. உள்ளே போன ஒளி எவ்வளவு மிஞ்சி வருகிறது என்று அளக்க வேண்டும். கேட்பதற்குக் கடினமாக இருந்தாலும் கணக்கு எளியது. ஒளி பாதியானால் அதை 3 டெசிபெல் குறைந்தது என்று சொல்வார்கள். 32 ஆகப் பிரிப்பது ஐந்து தடவை பாதியாக்குவது. அதில் 15 டெசிபெல் போகும், நடைமுறையில் 17 ஆகும். தொலைபேசி நிலையம் மூன்று கிலோமீட்டர் தூரத்தில் இருந்தால் கேபிளில் ஒரு டெசிபெல் போகும். இணைப்புகளிலும் பற்றவைப்புகளிலும் மூன்று போகும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 21. நிலையத்திலிருந்து +3 டிபிஎம் அளவில் புறப்பட்ட ஒளி, வீட்டுக்கு வரும்போது −18 டிபிஎம் ஆக இருக்கும். வீட்டு மோடம் −27 வரைதான் படிக்கும். எனவே ஒன்பது டெசிபெல் கையிருப்பு.

இந்தக் கையிருப்பைத் தின்பவை மூன்று. டிரங்கிங் மூலையில் கேபிளைக் கூர்மையாக மடக்குவது, ஆணிக் கிளிப்பை இறுக்கி அடித்து நசுக்குவது, இணைப்பு முனையைத் துடைக்காமல் சொருகுவது. புதிய வகை இழைகள் நன்றாகவே வளைந்து கொடுக்கும். ஆனால் நசுங்கலுக்கும் தூசிக்கும் எந்த வகையும் தாங்காது. இவை முதல் நாளில் தெரியாது. படம் ஓடும், வேகம் வரும். வெயிலிலும் ஈரத்திலும் ஆறு மாதம் கழிந்தபின் இணைப்பு விட்டுவிட்டு வரும். கடைசியில் மோடத்தில் எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு எரியும். ஒளி வந்து சேரவில்லை என்று அதற்கு அர்த்தம். அப்போது குத்தகையாளர் வேறு ஊரில் இருப்பார்.

ஆகவே வேலை முடிந்த அன்றே, ஒவ்வொரு படிக்கட்டிலும் மேல்தளத்து நான்கு வீட்டுக்குப் போகும் முனைகளில் மீட்டர் வைத்து அளந்து, அந்த எண்களை எழுதி வாங்குங்கள். 12 எண்கள்தான். −18, −20 என்று வந்தால் நல்லது. ஒரு வீட்டில் மட்டும் −25 என்று வந்தால் அந்தப் பாதையில் எங்கோ நசுங்கியிருக்கிறது. திருப்பிப் போடச் சொல்லுங்கள். வேலை தொடங்குமுன் நிறுவனத்திடம் வாங்கி வைத்த முன்பணத்தை அந்த எண்களைப் பார்த்த பிறகுதான் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேண்டுமானால் அன்று நான் உடன் நிற்கிறேன்.

ஃபைபர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல நான் வரவில்லை. பழைய செம்புத் தொலைபேசிக்குத் தொலைபேசி நிலையமே மின்சாரம் கொடுத்தது; வீட்டில் கரண்ட் போனாலும் போன் மணி அடிக்கும். ஃபைபர் வழியாக வரும் தொலைபேசி மோடத்தை நம்பியது, கரண்ட் போனால் அதுவும் போய்விடும். தனியாக இருக்கும் பெரியவர்கள் சார்ஜ் போட்ட கைப்பேசி ஒன்றைப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும், அல்லது மோடத்துக்கு ஒரு சிறிய பேட்டரிப் பெட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். எலித் தொல்லையும் உண்டு. டிரங்கிங் மூடியைச் சரியாகப் பூட்டாத இடத்தில் எலி புகுந்து கடித்துவிடும். அதனால் நடைபாதையைக் கூட்டும்போது மூடி திறந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டியிருக்கும்.

"5ஜி வந்துவிட்டதே, இது எதற்கு?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வெளியே நிற்கும்போது நன்றாகத்தான் வரும். கான்கிரீட் சுவர்களைத் தாண்டி உள்ளறைக்குள் வரும்போது அலை வலுவிழக்கும். ஒரு கோபுரத்தின் வேகத்தை அந்த வட்டாரமே பகிர்ந்துகொள்கிறது. இரவு எட்டு மணிக்கு எல்லாரும் படம் பார்க்கும்போது என்ன ஆகிறது என்று உங்களுக்கே தெரியும். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபின் நம் பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து கைப்பேசியில் பாடம் கேட்டதை நாம் எல்லாரும் பார்த்தோம். யுடிஏஆர் பல்கலைக்கழகம் 2007இல் காம்பாரில் வளாகம் திறந்ததிலிருந்து மாணவர்களுக்கு வாடகைக்கு விடும் வீடுகள் நம்மிடையே கூடியிருக்கின்றன. வீடு பார்க்க வரும் மாணவர் அறையைப் பார்ப்பதற்கு முன்பே இணையத்தைப் பற்றித்தான் கேட்கிறார்.

வாடகைக்கு விடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. படிக்கட்டு வரை வருவதற்குக் குழுவின் அனுமதி. வாசல் தாண்டி உள்ளே வருவதற்கு வீட்டுக்காரரின் அனுமதி. வாடகைக்காரர் தனியாகக் கையெழுத்துப் போட்டுத் துளை போடக் கூடாது. இணைய ஒப்பந்தம் பொதுவாக 24 மாதம். மாணவர் ஒரு வருடத்தில் போய்விட்டால் மிச்சக் காலத்துக்கான அபராதம் யாருக்கு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்பவர்கள் வாங்க வேண்டியதில்லை. கேபிள் அவர்களுடைய வாசலோடு நின்றுவிடும், உள்ளே வராது.

குழு கடைசியாகக் கவனிக்க வேண்டியது ஏகபோக உரிமை. ஒரு நிறுவனம் முதலில் வந்து எல்லாச் செலவையும் தானே ஏற்றுக்கொண்டு, "பதிலுக்கு வேறு யாரையும் உள்ளே விடாதீர்கள்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாம். அந்த வரியை ஏற்றால் விலை ஏறும்போது நம் 60 வீட்டுக்கும் வேறு வழி இருக்காது. இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்காவில் அடுக்குமாடிகளோடு தொலைத்தொடர்பு நிறுவனங்கள் போடும் இத்தகைய ஒப்பந்தங்களை 2008இல் அரசு ஆணையம் தடை செய்தது. இதன் எதிர்ப்பக்கமும் உண்டு. பிரிட்டனில் இணைப்புக் கேட்டு எழுதும் கடிதங்களுக்குக் கட்டட உரிமையாளர்கள் பதிலே போடாமல் இருந்ததால் 2021இல் அதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். பதில் வராவிட்டால் நிறுவனம் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நம் குழு அந்த இரண்டு பக்கமும் சாயாமல் இருக்கலாம்: ஒருவருக்கு மட்டும் என்றும் தர வேண்டாம், பதில் சொல்லாமலும் விட வேண்டாம்.

அடுத்த குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்தத் தீர்மானத்தைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்:

"உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இக்கட்டடத்தின் பொது இடங்களில் ஃபைபர் கேபிள் அமைக்க, கீழ்க்கண்ட நிபந்தனைகளோடு அனுமதி வழங்கப்படுகிறது. வேலை தொடங்குமுன் பாதை காட்டும் வரைபடத்தையும் முன்பணத்தையும் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். வெளிச்சுவரில் கேபிள் ஓடக் கூடாது. படிக்கட்டு டிரங்கிங் வழியே மட்டும் செல்ல வேண்டும். ஒவ்வொரு தளத் துளையும் அன்றே தீத்தடுப்புப் பொருளால் அடைக்கப்பட வேண்டும். கேபிள் நிறுவனத்துக்குச் சொந்தம். டிரங்கிங் கட்டடத்துக்குச் சொந்தம், பிற நிறுவனங்களும் அதைப் பயன்படுத்தலாம். எந்த நிறுவனத்துக்கும் ஏகபோக உரிமை இல்லை. அமைப்புச் செலவு பராமரிப்புக் கட்டணத்திலிருந்தோ சேமநிதியிலிருந்தோ எடுக்கப்படாது. வேலையாட்களுக்குக் காப்புறுதி இருக்க வேண்டும். மேல்தள வீடுகளின் ஒளி அளவீட்டைக் கொடுத்து, சேதங்களைச் சரிசெய்த பின்னரே முன்பணம் திருப்பித் தரப்படும். சேவையை நிறுத்தினால் நிறுவனம் தன் கேபிளை எடுத்துவிட்டுச் சுவரைப் பழையபடி ஆக்கித் தர வேண்டும்."

இதில் எந்த வரியை மாற்ற வேண்டும் என்று தோன்றினாலும் மாற்றுங்கள். பெரிய முடிவு, எல்லாரும் சேர்ந்து முடிவு செய்யட்டும் என்று குழு நினைத்தால் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வையுங்கள்; நான் வந்து பேசத் தயார். அனுமதி இல்லை என்று முடிவெடுத்தாலும் காரணத்தைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்து, அதன் படியை இதே பலகையில் ஒட்டுங்கள். எந்த நிபந்தனை போதவில்லை என்று தெரிந்தால்தான் அதைச் சரிசெய்து மறுபடியும் கேட்க முடியும்.

இப்படிக்கு,
மூன்றாம் படிக்கட்டு, ஐந்தாம் தளத்துக் குடியிருப்பாளர்,
காம்பார்